'வாய்க்காலுக்கு வடக்கு' என்றால் வாய்க்கால் தெற்கே

மூன்று கிளையாக இருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும்,

உங்கள் முன்னோர் 1963-இல் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தவன் நான். அதை நீங்கள் வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னீர்கள். அவர் சிவப்பு மையில் குறித்த பிரதி போன வாரம் என் கைக்கு வந்தது. எல்லைகள் தலைகீழ், பரப்பு குறைவு, ஆண்டு தவறு, பத்திரத்தில் இல்லாத உரிமை நுழைக்கப்பட்டிருக்கிறது, இருக்கும் சொல் தவறாகப் பெயர்க்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். இந்த மொழிபெயர்ப்பு தாக்கல் செய்யத் தகுதியானதல்ல என்பது உங்கள் கூட்டுக் கடிதத்தின் முடிவு.

பதிலை உங்களில் ஒருவருக்கு எழுதினால் மற்ற இரு கிளையாரும் அதை வேறு மாதிரி கேள்விப்படக்கூடும். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே மடலாக, உங்கள் சம்மதத்தோடு, வெளிப்படையாக எழுதுகிறேன். ஊர், சர்வே எண், பெயர்கள் எதுவும் இதில் இல்லை; அடுத்த நிலத்துக்காரரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பத்திரத்தின் சார்பதிவாளர் அலுவலக நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் சொல்வதை ஒவ்வொரு வரியாக அதில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லையில் தொடங்குகிறேன். அதுதான் உங்களை அதிகம் கலங்கடித்திருக்கிறது. மூத்தவர் பங்கான ஏ ஷெட்யூலில் பத்திர எழுத்தர் இப்படி எழுதியிருக்கிறார்: "கீழ்மேல் பாசன வாய்க்காலுக்கு வடக்கு, பெரியசாமி நிலத்துக்கு மேற்கு, கோயில் மானியத்துக்கு தெற்கு, தென்வடல் வண்டிப்பாதைக்கு கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நஞ்சை." நான் ஆங்கிலத்தில் தெற்கெல்லை வாய்க்கால், கிழக்கெல்லை பெரியசாமி நிலம், வடக்கெல்லை கோயில் நிலம், மேற்கெல்லை வண்டிப்பாதை என்று கொடுத்தேன். சரிபார்த்தவர் நான்கையும் அடித்துத் திருப்பிப் போட்டிருக்கிறார். "மூலத்தில் வாய்க்காலோடு வடக்கு என்றுதானே இருக்கிறது, தெற்கு எப்படி வந்தது?" என்பது அவர் கேள்வி.

வந்தது 'க்கு' என்ற உருபிலிருந்து. வாய்க்காலுக்கு வடக்கு என்றால், வாய்க்காலைத் தாண்டி வடக்கே நம் நிலம் கிடக்கிறது என்று பொருள். வடக்கே இருப்பது நிலம். வாய்க்கால் நிலத்துக்குத் தெற்கே ஓடுகிறது. "இதன் மத்தியில் உள்ள" என்ற முடிவும் அதையே சொல்கிறது. நான்கு பொருள்களைச் சொல்லி, ஒவ்வொன்றிலிருந்தும் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று காட்டி, நடுவில் நிற்கும் நிலத்தைச் சுட்டுவது பழைய பத்திரங்களின் வழக்கம். நிலத்தில் நின்றுகொண்டு நாலாபுறமும் பார்ப்பவரின் பேச்சு அல்ல அது. எல்லையில் நின்றுகொண்டு நிலத்தைக் காட்டுபவரின் பேச்சு. இன்றைய பத்திரங்களில் பல "வடக்கில்: இன்னார் நிலம்" என்று நேராக எழுதப்படுகின்றன. அவற்றைப் படித்துப் பழகிய கண்ணுக்கு உங்கள் பத்திரம் தலைகீழாகத் தெரிவதில் வியப்பில்லை.

இலக்கணத்தை மட்டும் நம்பச் சொல்லவில்லை. அதே பத்திரத்தின் நான்காம் பக்கத்தைப் பாருங்கள். தம்பியின் பங்கான பி ஷெட்யூல் நிலம் "மேற்படி கீழ்மேல் பாசன வாய்க்காலுக்கு தெற்கு" என்று தொடங்குகிறது. ஒரே வாய்க்கால்; அண்ணன் நிலம் ஒரு பக்கம், தம்பி நிலம் மறுபக்கம். யார் எந்தக் கரை என்பதற்கு அடுத்த பக்கத்தில் தண்ணீர் பற்றிய ஷரத்து இருக்கிறது: "ஏ ஷெட்யூல்தாரர் மேற்படி வாய்க்காலின் வடகரை மதகு வழியாய் ஜலம் பாய்ச்சிக்கொள்ள வேண்டியது." வடகரை மதகில் தண்ணீர் எடுப்பவரின் நிலம் வாய்க்காலுக்கு வடக்கேதான் இருக்க முடியும். சிவப்பு மை சொல்கிறபடி வாய்க்காலை வடக்கெல்லையாக்கினால், மூத்தவர் தம் நிலத்துக்கு எட்டாத கரையிலிருந்து தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கும்.

நிலஅளவைத் துறையின் புலப்படத்தையும் நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். அதிலும் வாய்க்கால் தெற்கேதான். ஆனால் மொழிபெயர்த்து முடித்த பிறகே அந்தப் படத்தைப் பிரித்தேன். படத்தைப் பார்த்துப் பத்திரத்தை மொழிபெயர்த்தால், பத்திரத்தில் பிழை இருந்திருந்தாலும் என் ஆங்கிலம் அதை மூடி மறைத்திருக்கும். ஒருவேளை எழுத்தர் 'க்கு' போடாமல் "வாய்க்கால் வடக்கு" என்று மொட்டையாக எழுதியிருந்தால், நான் எந்தத் திசையையும் முடிவு செய்யாமல், இருந்தபடியே பெயர்த்து அடிக்குறிப்பு போட்டிருப்பேன். உங்கள் பத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. நான்கு இடத்திலும் உருபு தெளிவாக இருக்கிறது.

இந்த எல்லைப் பகுதியில்தான் என் தவறு ஒன்றும் இருக்கிறது. வண்டிப்பாதையைப் பற்றிய வரியில் எழுத்தர் முதலில் "மேற்கு" என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே "கிழக்கு" என்று எழுதியிருக்கிறார். நகலில் அடித்த சொல் அழுத்தமாகவும் திருத்திய சொல் மங்கலாகவும் விழுந்திருக்கிறது. சரிபார்த்தவர் அடித்த சொல்லைப் படித்திருக்கிறார். அதை ஏற்றால் நிலம் பெரியசாமி நிலத்துக்கும் மேற்கு, வண்டிப்பாதைக்கும் மேற்கு என்றாகிவிடும். மேற்கெல்லையே இல்லாமல் போகும், "மத்தியில்" என்ற சொல்லுக்கும் பொருள் இருக்காது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகளுக்கு மேலே, "2-வது பக்கம் 9-வது வரியில் மேற்கு என்பதை அடித்து கிழக்கு என்று எழுதியது சரி" என்ற வாசகம் இருக்கிறது. சகோதரர்கள் இருவரும் அதன் கீழ் ஒப்பமிட்டிருக்கிறார்கள்.

நான் திருத்திய சொல்லைத்தான் பெயர்த்தேன். ஆனால் அந்தத் திருத்த வாசகத்தை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டேன். திருத்தம் உள்ளே சேர்ந்துவிட்டதே என்று நினைத்தது தவறு. பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அடித்தல் திருத்தல் உள்ள பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர்கள் அதைக் கையெழுத்தோ சுருக்கொப்பமோ போட்டு உறுதி செய்யாவிட்டால் பதிவாளர் பதிய மறுக்கலாம் என்கிறது. அந்த வாசகம் பத்திரத்தின் ஓர் உறுப்பு. மூலத்தில் அடித்தல் இருந்து மொழிபெயர்ப்பில் அதன் தடமே இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் கேள்வியை அங்கேதான் கேட்பார். இதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வாசகத்தைச் சேர்த்து, ஒன்பதாம் வரியிலும் "அடித்துத் திருத்தப்பட்டது" என்று சதுர அடைப்பில் குறித்து, புதிய பிரதி தயாரித்திருக்கிறேன். அந்த இரண்டு பக்கத்துக்கும் கட்டணம் வேண்டாம்.

அடுத்தது பரப்பு. ஏ ஷெட்யூல் நிலத்தை நான் ஒரு ஏக்கர் 32 சென்ட் என்று கொடுத்ததால் நான்கு ஏக்கர் காணாமல் போய்விட்டதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மூலத்தில் "மா 4-க்கு குழி 400" என்று இருக்கிறது. சரிபார்த்தவர் ஒரு குழிக்கு 576 சதுர அடி என்று எடுத்துக்கொண்டு, 400 குழிக்கு 2,30,400 சதுர அடி, அதாவது 5 ஏக்கர் 29 சென்ட் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பெருக்கலில் பிழையில்லை. குழிதான் வேறு ஊர்க் குழி.

குழி என்பது ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம். கோலின் நீளம் சீமைக்குச் சீமை மாறும். செங்கல்பட்டுப் பக்கம் 24 அடிக் கோல். அங்கே ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. தஞ்சாவூர்ச் சீமையில் 12 அடிக் கோல். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. உங்கள் நிலம் கும்பகோணம் பக்கத்து நஞ்சை. பத்திரமும் காணி என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. மா என்றே சொல்கிறது, 4 மாவுக்கு 400 குழி என்று விகிதத்தையும் தானே கொடுத்துவிடுகிறது. 400-ஐ 144-ஆல் பெருக்கினால் 57,600 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் 132 சென்ட்டும் கொஞ்சமும் வரும்.

இத்தனை கணக்கும் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். எனக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் "குழி 400" என்பதற்கு அடுத்த வரியின் தொடக்கத்தில் எழுத்தரே "இங்கிலீஷ் அளவில் ஏக்கர் 1 சென்ட் 32" என்று எழுதியிருக்கிறார். உங்கள் கையிலுள்ள நகலில் அந்த இடத்தில்தான் தாள் மடிந்திருக்கிறது. நான் அந்த வரியைப் பெயர்த்தேன்; மா, குழி இரண்டையும் ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தேன். குழியைச் சதுர அடியாக மாற்றி எழுதும் வேலை மொழிபெயர்ப்பாளனுடையது அல்ல. இன்றைய பட்டாவில் 0.53.5 என்று இருப்பதும் இதே நிலம்தான்: பூஜ்யம் ஹெக்டேர், ஐம்பத்து மூன்றரை ஆர். ஒரு ஆர் ஏறக்குறைய இரண்டரை சென்ட் (2.471) என்பதால் அதுவும் 132 சென்ட்டில் வந்து நிற்கிறது. நான்கு ஏக்கர் எங்கும் போகவில்லை. அது உங்கள் குடும்பத்திடம் இருந்ததே இல்லை.

ஆண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "சுபகிருது வருஷம் மாசி மாதம்" என்பதை நான் 1963 என்று கொடுத்தது தவறு, சுபகிருது 1962 என்கிறார் சரிபார்த்தவர். சுபகிருது 1962 சித்திரையில் பிறந்தது. அதன் பதினோராம் மாதமான மாசி, 1963 பிப்ரவரியில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பத்திரத்தின் பின்புறம் சார்பதிவாளர் முத்திரையிலும் 1963 என்றுதான் இருக்கிறது.

இனி, சகோதரர்களின் தாயாரான உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு ஒதுக்கிய சி ஷெட்யூல். உண்மையான வழக்கு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மற்ற ஆட்சேபங்களை மூன்று கிளையும் சேர்ந்து எழுப்பினீர்கள். இதில் மட்டும் ஒரே ஷரத்தை இரண்டு பக்கத்திலிருந்து தாக்கியிருக்கிறீர்கள். சகோதரியின் வழியில் வந்தவர்கள், நான் "ஆயுட்கால உரிமை மட்டும்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை நுழைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சகோதரர்கள் இருவர் வழியில் வந்தவர்கள், "மெயின்டனன்ஸ்" என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்கிறார்கள். ஜீவனாம்சம் விவாகரத்தானவர்களுக்குத் தருவது, கொள்ளுப்பாட்டியோ கணவரை இழந்தவர், ஆகவே அந்தச் சொல் பொருந்தாது என்பது வாதம்.

ஷரத்தை முழுவதும் தருகிறேன்: "நமது தாயாரின் ஜீவனாம்சத்துக்காக சி ஷெட்யூல் சொத்தை அவர் தன் ஆயுள் பரியந்தம் யாதொரு பராதீனமும் செய்யாமல் வைத்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அவர் ஆயுளுக்குப் பின் மேற்படி சொத்து நம் இருவருக்கும் சரிபாதியாய்ச் சேர வேண்டியது."

முதலில் சகோதரி கிளையாருக்கு. மூன்று ஷெட்யூலிலும் "அனுபவித்துக்கொள்ள" என்ற சொல் வருகிறதே, இரண்டில் முழு உரிமை, ஒன்றில் மட்டும் ஆயுட்கால உரிமையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல் ஒன்றுதான். அதன் முன்னால் நிற்பவை வேறு. ஏ, பி இரண்டிலும் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்று இருக்கிறது. மகன் பேரன் வழியாக, தானம் கொடுக்கவும் பரிமாறிக்கொள்ளவும் விற்கவும் உரிமையோடு என்று பொருள். சி-யில் இவற்றில் ஒரு சொல்கூட இல்லை. அதற்கு மாறாக "பராதீனம் செய்யாமல்" என்று தடை இருக்கிறது. பராதீனம் என்றால் சொத்தைப் பிறர் வசமாக்குவது. விற்பது, அடமானம் வைப்பது, எழுதிக்கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். "ஆயுள் பரியந்தம்" என்று காலமும் சொல்லி, அவருக்குப் பின் யாருக்கு என்றும் சொல்லிவிட்டார்கள். இதை முழு உரிமை என்று நான் பெயர்த்தால் பொய் சொன்னவனாவேன்.

இப்போது சகோதரர் கிளையாருக்கு. இன்று செய்தித்தாளில் ஜீவனாம்சம் என்றால் விவாகரத்து வழக்குதான் நினைவுக்கு வருகிறது. 1963-இல் பத்திர எழுத்தர் மனத்தில் அது இல்லை. ஜீவனத்துக்கான அம்சம், பிழைப்புக்கான பங்கு. கணவனை இழந்த பெண்ணுக்குக் குடும்பச் சொத்திலிருந்து கிடைக்க வேண்டிய பராமரிப்புக்கு அதுதான் பெயர். உங்கள் பத்திரத்தின் முன்னுரையிலேயே "நமது தகப்பனார் காலஞ்சென்றபடியால் நமது தாயாரின் போஷணைக்கும் ஜீவனாம்சத்துக்கும் நாம் ஏற்பாடு செய்ய வேண்டியிருப்பதால்" என்று மகன்கள் இருவரும் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'அலிமனி' என்று போட்டிருந்தால் உங்கள் ஆட்சேபம் சரி. நான் போட்டது 'மெயின்டனன்ஸ்'. முன்னுரையோடு சேர்த்துப் படித்தால் வேறு சொல் இங்கே நிற்காது.

அந்தச் சொல்லை எடுக்க நான் ஏன் மறுக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவில், இந்துப் பெண் வைத்திருக்கும் சொத்து அவருக்கு முழு உரிமையாகும் என்று முதல் உட்பிரிவு சொல்கிறது. பத்திரமே குறைந்த உரிமையைத்தான் கொடுத்திருந்தால் அது பொருந்தாது என்று இரண்டாம் உட்பிரிவு விலக்கு வைக்கிறது. சொத்து எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை வைத்து இந்த இரண்டில் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1977-இல் துளசம்மா வழக்கில் விளக்கியது. ஏற்கெனவே உள்ள பராமரிப்பு உரிமைக்காக விதவைக்குக் கொடுக்கப்பட்ட சொத்து, பத்திரத்தில் கட்டுப்பாடு எழுதியிருந்தாலும், முழு உரிமையாக மாறும் என்பது அந்தத் தீர்ப்பு. அது உங்கள் சொத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று உங்கள் வழக்கறிஞர்கள் வாதாடட்டும், நீதிமன்றம் சொல்லட்டும். நான் சொல்லக் கூடாது.

ஆனால் அந்த வாதம் நடக்க வேண்டுமானால் இரண்டு சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். "ஆயுள் பரியந்தம்" என்பதை எடுத்தால் சகோதரர் கிளையின் வழக்கு போய்விடும். "ஜீவனாம்சத்துக்காக" என்பதை எடுத்தால் சகோதரி கிளையின் வழக்கு போய்விடும். கொள்ளுப்பாட்டி பின்னால் அந்தச் சொத்தை மகளுக்கு எழுதிவைத்தது செல்லுமா செல்லாதா என்பது இந்த ஒரு ஷரத்தில் தொங்குகிறது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். தமிழ் தெரியாத ஒரு நீதிபதியின் கைக்கு இது போனால், அவருக்கு என் தாள்தான் பத்திரம். அதில் நான் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால், உங்களில் ஒரு கிளையின் நிலத்தை என் மேசையில் உட்கார்ந்துகொண்டே மற்றொரு கிளைக்கு மாற்றி எழுதியவன் ஆவேன்.

சரிபார்த்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் நான் வாக்கியத்தை நீட்டியிருந்ததை அவர் சுருக்கியது நன்றாக இருக்கிறது, அவற்றை ஏற்றுக்கொண்டேன். 'அங்கிள்' என்று எழுதினால் போதும் என்று அவர் குறித்ததை மட்டும் ஏற்கவில்லை. பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் தாய்மாமன், முன்னுரையில் வருபவர் சித்தப்பா. சித்தப்பா முன்பே பிரிந்துபோன பங்காளி. தாய்மாமனுக்கு இந்தச் சொத்தில் பங்கே கிடையாது. இருவரையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் ஆளை மாற்றி எண்ணிவிடுவார்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கையில் இருப்பது நகலின் நகல். மடிப்பில் ஒரு வரி மறைந்திருக்கிறது, அடித்த சொல் திருத்திய சொல்லைவிடக் கறுப்பாக விழுந்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்றுக்குப் புதிதாக மனு போடுங்கள். அது வந்ததும் மூன்று கிளையிலிருந்தும் ஒருவர் வாருங்கள். மூலத்தை நீங்கள் உரக்கப் படியுங்கள், நான் என் ஆங்கிலத்தை வரிக்கு வரி தமிழில் சொல்கிறேன். எங்காவது மூலத்துக்கு மாறாக ஒரு சொல் இருந்தால் அங்கேயே திருத்திக் கையெழுத்திடுகிறேன். சி ஷெட்யூலின் அந்த இரண்டு சொற்களை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள். அவற்றை எழுதிவைத்தவர்கள் உங்கள் தாத்தாக்கள்.

இப்படிக்கு,
உங்கள் பத்திரத்தை மொழிபெயர்த்தவன்